செருப்பு வார்

முருகேசன் அண்ணன் செருப்பைக் கழற்றியபோதுதான் அந்தத் தடத்தைப் பார்த்தேன். வார் அழுந்திய இடம் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கு இரு பக்கமும் தோல் உப்பி, மினுமினுவென்று இருந்தது. இரண்டு காலிலும் அப்படித்தான்.

"பன்னெண்டு மணி நேரம் சீட்டுலயே உட்கார்ந்தா வீங்காம என்ன செய்யும்?" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. டாக்சி ஓட்டுகிற எங்களுக்குக் கால் வலியும் இடுப்பு வலியும் வண்டியோடு வந்தவை. "ராத்திரி வெந்நீர்ல கல்லுப்பு போட்டுக் காலை வைங்கண்ணே, இறங்கிடும்" என்று சொன்னது நான்தான்.

இறங்கத்தான் செய்தது. காலையில் வீக்கம் குறைந்திருக்கும். உப்புத் தண்ணீர் வேலை செய்கிறது என்று நினைத்தோம். இரவு முழுக்கக் கால் நீட்டிப் படுத்தாலே கொஞ்சம் வடியும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் மறுபடி வார் போட முடியாது.

அடுத்து எண்ணெய் தேய்த்தார். மூலிகைப் பத்து போட்டார். நிறையத் தண்ணீர் குடித்தால் நீர் பிரிந்து போகும் என்று யாரோ சொல்ல, வண்டியில் எப்போதும் பெரிய பாட்டில் இருந்தது. வலி தாங்காத நாளில் வலி மாத்திரை. ஒன்றரை மாதம் இப்படியே ஓடியது.

இதற்கு நடுவே அவர் வீட்டில் படுப்பதை விட்டார். "வண்டிச் சீட்டைப் பாதி சாய்ச்சுப் படுத்தாத்தான் தூக்கம் வருது. கட்டில்ல படுத்தா நெஞ்சுல ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு." அண்ணி என்னிடம் தனியாகக் கேட்டார்: "என் மேல ஏதாவது கோபமா தம்பி?" நான் சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

ஒரு நாள் பயணியின் பெட்டியை டிக்கியில் தூக்கி வைத்துவிட்டு, கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். வயசாகுது என்றார். அவருக்கு வயது 52.

அன்று இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. ஓடினேன். கார்க் கதவைத் திறந்து, காலைத் தரையில் தொங்கப்போட்டு, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"காத்து... பத்தல" என்றார்.

ஆஸ்பத்திரியில் நிமிர்த்தி உட்கார வைத்து ஆக்சிஜன் மாட்டினார்கள். இசிஜி, எக்ஸ்ரே எடுத்தார்கள். நீர் பிரிய ஊசி போட்டார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் டாக்டரம்மா அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"எத்தனை தலையணை வெச்சுப் படுப்பீங்க?"

அண்ணி முந்திக்கொண்டார். "மூணு வெச்சும் முடியாம கார்லதான் படுத்தார் டாக்டர்."

டாக்டரம்மா தலையசைத்தார். "இதயம் ரத்தத்தைப் பம்ப் பண்ற சக்தி குறைஞ்சுபோச்சு. அதனால உடம்புல நீர் தேங்குது. உட்கார்ந்திருந்தா காலுக்கு இறங்கும், படுத்தா நுரையீரல் பக்கம் திரும்பும். பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?"

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நிறுத்திவிட்டதாக அண்ணன் விரலைக் காட்டினார். மறுநாள் எக்கோ எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் அளவு 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம்; அவருக்கு 30 என்று வந்தது.

"நான்தான் டாக்டர் உப்புத் தண்ணில கால் வைக்கச் சொன்னேன்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அதனால கெடுதல் வரலை. ஆனா வலி மாத்திரை உடம்புல உப்பையும் நீரையும் பிடிச்சு வைக்கும். மேல மேல தண்ணி வேற. எல்லாத்தையும் விட, ஒன்றரை மாசம் போயிடுச்சே."

ஆறு நாளில் எடை 84லிருந்து 77க்கு வந்தது. "ஏழு கிலோ தண்ணியைச் சுமந்துக்கிட்டா வண்டி ஓட்டுனீங்க?" என்று அண்ணி அவர் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். தினமும் காலையில் எடை பார்க்கணும், மூணு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் உடனே வரணும், உப்பு குறைக்கணும், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று நர்ஸ் சொன்னதையெல்லாம் அண்ணி அண்ணனின் டிரிப் நோட்டிலேயே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணனுக்குச் செருப்பை நான் மாட்டிவிட்டேன். வாரை இரண்டு துளை உள்ளே தள்ளி இறுக்க வேண்டியிருந்தது. என் வண்டியின் முன் சீட்டில் மெல்ல ஏறி உட்கார்ந்தார்.

"சீட்டைச் சாய்க்கட்டுமாண்ணே?"

"வேண்டாம்ப்பா" என்றார். "வீட்டுக்குப் போய்க் கட்டில்ல படுத்துக்கறேன்."