திட்ட அறிக்கை: பலாச்சுளை சிப்ஸ் தயாரிப்புப் பிரிவு, காடாம்புலியூர், பண்ருட்டி வட்டம்

வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் கீழ், கடலூர் மாவட்டத் தொழில் மையம் வழியாக வங்கிக்கு அளிக்கப்படுவது.

விண்ணப்பதாரர்
வயது 27, பெண், உணவுத் தொழில்நுட்பப் பட்டயம் பெற்றவர். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.2,40,000. சிறப்புப் பிரிவு என்பதால் சொந்தப் பங்கு 5 சதவீதம்.

ஏன் இந்தத் தொழில்
பருவம் உச்சத்தில் இருக்கும்போது எங்கள் ஊர்ப் பலாக்காய்க்கு விலை சரிகிறது. அந்த நாட்களில் முற்றிய காயை வாங்கிப் பக்குவப்படுத்துவதே என் திட்டம். கடந்த பருவத்தில் பத்துக் காய்களை வீட்டிலேயே அறுத்து எடை போட்டேன். 112 கிலோ காயில் சுளை 34 கிலோ, கொட்டை 11 கிலோ. மற்றவை தோலும் சடையும். சுளையை வறுத்ததும் 14 கிலோ சிப்ஸ் கிடைத்தது. ஆக, ஒரு கிலோ சிப்ஸுக்கு 8 கிலோ காய் தேவை. அறிக்கையின் கணக்கு முழுவதும் இந்த எடையை நம்பியே நிற்கிறது. கொட்டையைப் பச்சையாகவே விற்பேன். அந்த வருமானத்தை இங்கே சேர்க்கவில்லை.

திட்ட மதிப்பீடு
வறுக்கும் அடுப்பு, கொப்பரை: ரூ.1,35,000
எண்ணெய் பிரிக்கும் இயந்திரம்: ரூ.60,000
நைட்ரஜன் நிரப்பிப் பொட்டலமிடும் இயந்திரம்: ரூ.1,75,000
வாழைக்காய் சீவும் இயந்திரம்: ரூ.45,000
ஜெனரேட்டர்: ரூ.85,000
மேசை, தராசு: ரூ.20,000
மின் இணைப்பு, தரை, புகைபோக்கி: ரூ.1,30,000
உரிமங்கள், முன்செலவு: ரூ.30,000
நடைமுறை மூலதனம்: ரூ.2,20,000
மொத்தம்: ரூ.9,00,000

சொந்தப் பங்கு ரூ.45,000, வங்கிக் கடன் ரூ.8,55,000. இதில் திட்ட மதிப்பின் 25 சதவீத மானியமான ரூ.2,25,000 கழிந்தால் நிகரக் கடன் ரூ.6,30,000.

ஒரு நாள் உற்பத்திக் கணக்கு (40 கிலோ)
காய் 320 கிலோ, கிலோ ரூ.15 வீதம் ரூ.4,800, எண்ணெய் ரூ.2,240, நான்கு பெண்களுக்குக் கூலி ரூ.2,000, எரிவாயு ரூ.900, பொட்டலம் ரூ.1,200. செலவு ரூ.11,140. மொத்த விலை கிலோ ரூ.380 வீதம் வரவு ரூ.15,200, மிச்சம் ரூ.4,060. பலா கிடைக்கும் 100 நாட்களில் ரூ.4,06,000.

மற்ற 200 நாட்களுக்கு இதே அடுப்பில் வாழைக்காய் சிப்ஸ், கிலோவுக்கு ரூ.50 மிச்சம் வீதம் ரூ.4,00,000.

சந்தை
கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐந்து பலகாரக் கடைகள் மாதிரிப் பொட்டலத்தைச் சுவைத்துவிட்டு, வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கின்றன. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியே செல்வதால் சரக்கை அனுப்புவது எளிது.

இடர்
2011 டிசம்பரில் வீசிய தானே புயல் இப்பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அத்தகைய ஆண்டில் வாழைக்காய் உற்பத்தியே பிரிவைத் தாங்க வேண்டும். அதற்காகவே சீவும் இயந்திரத்தைப் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

கடன் திருப்பம்
ஆண்டு மிச்சம் ரூ.8,06,000. வாடகை, மின்சாரம், வண்டிச் செலவு, என் ஊதியம் ஆகியவற்றுக்கு ரூ.4,08,000 போக ரூ.3,98,000 மீதி. ஐந்தாண்டுத் தவணையில் மாதம் ரூ.10,500 அசல், வட்டி 11 சதவீதம் என்று கொண்டால் முதல் ஆண்டு வட்டி சுமார் ரூ.63,000. ஆண்டுக்குக் கட்ட வேண்டியது ரூ.1,89,000, மீதித் தொகை அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

இணைப்பு: இயந்திர விலைப்புள்ளிகள், வாடகை ஒப்பந்தம், கல்விச் சான்று, வருமானச் சான்று, கடைகளின் கடிதங்கள்.