கோயில் சந்தா நோட்டும் கப்பல் பட்டியலும்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

டர்பன், தென்னாப்பிரிக்கா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "வெல்லா யார்? நேட்டால் கப்பல் பட்டியல் பெயர்களைத் தமிழ்க் கையெழுத்தால் மீட்டல்" என்ற கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். என் அத்தை மகனும் நானும் சேர்ந்து எழுதியது. நீங்கள் கேட்டிருக்கும் மூன்றையும், அதாவது உங்கள் இதழுக்கு ஏன், இதில் என்ன புதிது, எங்களுக்கு இதில் என்ன ஆதாயம் என்பதை, நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்றாவதுதான் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயம் என்னவென்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தைத் தொட்டது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர், அவர்களில் பெரும்பாலோர் சென்னைக் கப்பல்களில் வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை பட்டியலில் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில், காதில் விழுந்தபடி எழுதியது. கவுண்டர் 'கவெண்டர்' ஆனதும் முதலியார் 'மூட்லி' ஆனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதில் சிக்கல் இல்லை. ஆங்கில எழுத்தில் 'வெல்லா' என்று இருந்தால் அது வேலனா, வேலுவா, வெள்ளையனா? 'சென்னா' என்பது சின்னப்பனா, தெலுங்குக்காரர் சென்னய்யாவா? ஒரு எகரம் மாறினால் மொழியே மாறிவிடுகிறது, சில சமயம் ஊரும்.

புதிது என்று நாங்கள் சொல்வது சின்ன விஷயம்தான். வெருலம் பக்கத்துக் கரும்புத் தோட்டப் பகுதியில் உள்ள ஒரு மாரியம்மன் கோயிலில் 1909 முதல் 1916 வரையிலான சந்தா நோட்டு ஒன்று இருக்கிறது, தமிழில் எழுதியது. ஒரே பெயரில் நாலு முனுசாமி, ஆறு மாரிமுத்து இருந்ததால் கணக்கு எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அவரவர் ஒப்பந்த எண்ணையும் குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு அது வெறும் அடையாளம், எங்களுக்கு அதுதான் சாவி. நோட்டில் உள்ள 340 பெயர்களில் 118-க்கு எண் இருக்கிறது, அவற்றில் 97-ஐ டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள பட்டியலில் அதே எண்ணில் கண்டுபிடித்தோம். ஆக, ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு தடவை, அவரை நேரில் தெரிந்த தமிழரின் கையால் ஒரு தடவை. பட்டியலை வைத்து ஜில்லாவாரியாக, ஜாதிவாரியாக எண்ணியவர்கள் உண்டு. எண்ணை வைத்துத் தமிழ் எழுத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த வேலை நாங்கள் தேடியவரையில் கண்ணில் படவில்லை. இதற்கு மேல் பெரிதாக எதையும் கோரவில்லை. 97 பெயரை வைத்து நேட்டால் முழுவதற்கும் விதி எழுத முடியாது என்று கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறோம்.

மீதி 21 எங்கே போனது என்று உங்கள் மதிப்பீட்டாளர் கண்டிப்பாகக் கேட்பார். கணக்கர் எண்களைத் தமிழ் இலக்கத்தில் எழுதியிருக்கிறார், அதுவும் ஒரு பக்கத்தில் ௲, ௱, ௰ போட்டுப் பழைய முறையில், அடுத்த பக்கத்தில் இலக்கங்களை வரிசையாக. அவசரத்தில் எழுதிய ௧-ம் ௭-ம் பல இடங்களில் ஒன்று போலவே இருக்கின்றன. எண்ணை இரண்டு விதமாகவும் படிக்க முடிந்த இடத்தில் பெயர் ஒத்துப்போகிறதே என்று ஆசைப்பட்டு சேர்த்துக்கொள்ளவில்லை. பெயரைத்தானே சோதிக்கிறோம், அதையே சாட்சியாக வைத்தால் என்ன நியாயம்? அவற்றை அப்படியே வெளியே தள்ளிவிட்டோம். என் அத்தை மகனுக்குத் தமிழ் எழுத்து இப்போதுதான் கைவருகிறது, நோட்டைப் படித்தது நான் மட்டும். அதனால் மதுரையில் ஒரு நண்பரிடம் பட்டியலைக் காட்டாமல் 40 பக்கப் படங்களை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். இருவருக்கும் மாறுபட்ட இடங்கள் பின்னிணைப்பில் உள்ளன.

உங்கள் இதழுக்கு ஏன் என்றால், கையெழுத்து ஆவணங்களுக்குத் தனிப் பகுதி வைத்திருக்கிறீர்கள், தமிழகத்துக்கு வெளியே உள்ளவற்றையும் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அதைவிட, இந்தச் சண்டை ஏகார எகரத்திலும் ளகர லகரத்திலும் நடக்கிறது, தமிழ் படிக்காத வாசகருக்கு இதை விளக்கவே பாதிக் கட்டுரை போய்விடும். ஒளிக்காமல் சொல்கிறேன், வேறொரு இதழுக்கு முதலில் அனுப்பினோம். பதினொரு மாதம் பதிலே இல்லை, அப்புறம் "எங்கள் வாசகருக்கு ஆர்வம் இராது" என்று இரண்டு வரி வந்தது. இப்போது உங்களிடம் தவிர வேறெங்கும் இல்லை. இதன் ஒரு பகுதியைக் கோயில் மண்டபத்தில் பேசியிருக்கிறேன், அச்சில் வரவில்லை.

சரி, ஆதாய விஷயத்துக்கு வருகிறேன். பகலில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், சனி ஞாயிறுகளில் இங்குள்ள குடும்பங்களுக்குப் பூர்வீக ஊர் தேடிக் கொடுக்கிறேன், ஒரு குடும்பத்துக்கு 900 ராண்ட். கட்டுரையில் உள்ள முறை சரி என்று உங்கள் இதழ் சொன்னால் என்னிடம் வருகிறவர்கள் கூடுவார்கள், இதை மறைக்க வழியில்லை. 97 பெயர்களின் அட்டவணையைக் கட்டுரையோடு முழுதாக வெளியிடச் சம்மதிக்கிறேன், என்னிடம் பணம் கொடுக்காமலே யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதனால் ஆதாயம் குறையும், இல்லாமல் போகாது.

கோயில் நிர்வாகக் குழுவின் பொருளாளர் என் பெரியப்பா. நோட்டைப் படம் பிடிக்க ஆன 8,500 ராண்டைக் கோயில்தான் கொடுத்தது. கட்டுரையை அனுப்புமுன் குழு படித்துப் பார்த்தது, இரண்டு கோரிக்கை வைத்தது. ஜாதிப் பத்தியை அச்சிட வேண்டாம் என்றது, நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம், ஒப்புக்கொண்டோம். சந்தா பாக்கி விவரத்தையும் எடுக்கச் சொன்னது. பேரன் பேத்திகள் இன்னும் அதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள், நூறு வருஷத்துப் பாக்கியை யாராவது கிளப்புவார்களோ என்று பயம் போல. பெயர்களை எடுத்தோம், மொத்தத் தொகையை எடுக்கவில்லை. முடிவுகளில் குழு கை வைக்கவில்லை.

அந்த 97 பேரில் ஒருவர் என் அம்மாவின் தாத்தா. அவர் எண்ணை மதுரை நண்பர்தான் படித்தார், நான் படித்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. நெருடினால் அவரை எடுத்துவிட்டு 96 என்று போடுங்கள், முடிவு மாறாது. உங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் எனக்கு முதுகலையில் பாடம் எடுத்தவர், இன்றும் பொங்கலுக்குப் பேசிக்கொள்வோம். அவர் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அத்தை மகன் கப்பல் பட்டியலைப் பார்த்து எண்களைச் சரிபார்த்தவர், உறவு தவிர அவருக்கு இதில் வேறு ஆதாயம் கிடையாது.

கட்டுரை 6,400 சொல், உங்கள் வரம்பை 400 தாண்டுகிறது. வெட்ட வேண்டுமென்றால் ட்ரூரோ வரலாறு வரும் மூன்றாம் பகுதியை வெட்டுங்கள், எண்கள் பற்றிய பகுதியை விட்டுவிடுங்கள். படங்கள் பன்னிரண்டு, வெளியிடக் கோயில் கொடுத்த அனுமதிக் கடிதமும் உறையில் இருக்கிறது.

அன்புடன்,
தேவகி
(இரு ஆசிரியர்கள் சார்பாக)