அறிவியல் கண்காட்சி: நடுவர்களுக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும்

மொத்தம் 28 அரங்குகள். மதிப்பீடு காலை 9 முதல் 11 மணி வரை. பெற்றோர் 11 மணிக்குப் பிறகே உள்ளே வருவார்கள். அம்மா அப்பா பக்கத்தில் நின்றால் பிள்ளை நம்மைப் பார்த்துப் பேசாது, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசும்.

மதிப்பெண் 50. கருத்துத் தெளிவு 15, சோதனை செய்த முறை 15, விளக்கம் 10, ஆய்வுக் குறிப்பேடு 5, தோற்றம் 5. தோற்றத்துக்கு 5-க்கு மேல் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறோம். கடையில் வாங்கிய மாதிரிப் பொருள் பளபளக்கும். அட்டையில் செய்தது கோணலாக நிற்கும். "இந்த ஒயரைக் கழற்றினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளை உடனே கழற்றிக் காட்டும். சோதனை தோற்றுப்போய், காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணே கொடுக்கலாம். ஒவ்வொரு அரங்கையும் இரு நடுவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வித்தியாசம் 8-ஐத் தாண்டினால் மூன்றாமவர் பார்ப்பார்.

மின்சாரம் தேவைப்படும் 11 மேசைகளும் சுவரோரம், பிளக் பாயின்ட் அருகில். நடைபாதையில் ஒயர் குறுக்கே போகக் கூடாது. தண்ணீர் வைத்து இயங்கும் மாதிரிகள் குழாய்ப் பக்கம், மின்சார மேசைகளிலிருந்து தள்ளி. நடைபாதை 2 மீட்டர்.

இடது கதவில் நுழைவு, வலது கதவில் வெளியேற்றம், ஒருவழிப் பாதை. ஒரு தடவைக்கு 60 பேர். எரிமலை மாதிரியைச் சுற்றித்தான் கூட்டம் சேரும். அதை நுழைவில் வைக்காமல் கடைசி மூலையில் வையுங்கள்.