உங்கள் பதிவைப் பற்றி, தனியாக ஒரு வார்த்தை

அன்புத் தோழிக்கு,

மகள் புதுப் பையோடு வாசலில் நிற்கும் படத்தை இன்று காலையில்தான் பார்த்தேன். முன்பல் விழுந்த அந்தச் சிரிப்புக்காகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதில் வேறு சிலவும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக விழுந்திருப்பது கண்ணில் பட்டது. பதிவின் கீழே எழுதினால், கவனிக்காதவர்களுக்கும் நானே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் கேட் தூணில் கதவு எண் இருக்கிறது. எதிர்ச்சுவரில் தெருப் பெயர்ப்பலகை பாதிக்கு மேல் தெரிகிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பள்ளியின் பெயரும் வகுப்பும் பிரிவும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் காலை 8.10க்கு வேன் வரும், மாலை 3.30க்கு முனையில் இறங்கிப் பாட்டிக்காகக் காத்திருப்பாள், வியாழக்கிழமை மட்டும் நடன வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் தாமதமாக வருவாள் என்று நீங்கள் ஆசையாக எழுதியிருப்பதையும் சேர்த்துப் படித்தால், உங்களை அறியாத ஒருவருக்குக்கூட அவள் எந்த நேரத்தில் எங்கே தனியாக நிற்பாள் என்பது தெரிந்துவிடும். பதிவும் Public என்றுதான் இருக்கிறது. போதாததற்கு, உறவினர் ஒருவர் வகுப்பு ஆசிரியையின் பெயரைச் சொல்லி வாழ்த்தியிருக்கிறார்.

எழுதியதை மட்டும் திருத்தினால் போதாது. பேஸ்புக்கில் திருத்திய பதிவின் பழைய வாசகத்தை, பதிவைக் காண முடிந்த எவரும் View edit history வழியாகப் படித்துவிடலாம். ஆகவே பதிவை முழுவதுமாக நீக்கிவிட்டு, படத்தை அவளுடைய முகமும் பையும் மட்டும் இருக்கும்படி வெட்டி, Friends என்று மாற்றி மறுபடியும் போடுவது நல்லது. அட்டையின் மேல் கைப்பேசிப் பேனாவால் கிறுக்கி மறைக்க வேண்டாம். மை மெல்லியதாக விழுந்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கு எழுத்து மீண்டும் தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இதே படம் இருப்பதாக நினைக்கிறேன், அதையும் எடுத்துவிடுங்கள். குடும்பக் குழுவில் யாராவது மேலே அனுப்பியிருந்தால், நீக்கிவிடும்படி ஒரு வரி கேட்டுக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு நானும் பிறந்தநாளுக்கு வந்த பார்சலை முகவரிச் சீட்டோடு படமெடுத்துப் போட்டுவிட்டு, ஒரு நண்பர் சொல்லும்வரை இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். சீட்டில் என் கைப்பேசி எண்ணும் இருந்தது! மகிழ்ச்சியில் படம் எடுக்கும் கண் பின்னணியைப் பார்ப்பதில்லை.

அலுவலக வேளையில் வெட்டி ஒட்ட நேரம் இருக்காது என்று தெரியும். இப்போதைக்குப் பதிவை மட்டும் நீக்கிவிட்டு மூலப்படத்தை எனக்கு அனுப்புங்கள். மதியத்துக்குள் வெட்டித் தருகிறேன். அந்தப் பொக்கை வாய்ச் சிரிப்பு துளியும் குறையாது.