டயர் மொத்தக் கொள்முதல்: விலைப்புள்ளி கோரிக்கை

கப்பலூர், மதுரை
10.6.2025

பெறுநர்: விற்பனை மேலாளர், டயர் மொத்த விற்பனை நிலையம், மதுரை

ஐயா, வணக்கம்.

எங்கள் லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் கீழ்க்கண்ட புது டயர்களுக்கு விலைப்புள்ளி அனுப்பவும்.

295/80 ஆர் 22.5, டியூப்லெஸ் ரேடியல், லோடு இண்டெக்ஸ் 152/148: முன் அச்சுக்கு 24, டிரைவ் அச்சுக்கு 48.
10.00 ஆர் 20, 16 பிளை, டியூப், ஃபிளாப்புடன்: 40.

வண்டிகள் அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றி ஓடுபவை. கோடையில் தார்ச்சாலைச் சூட்டோடு முழு லோடும் சேரும்போது டயர் வெடித்தால் ஓட்டுநர் உயிருக்கே ஆபத்து. அதனால் விலையைவிடத் தரமே எங்களுக்கு முக்கியம். ஐ.எஸ். 15636 முத்திரை கட்டாயம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்படி ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சரக்கு வேண்டாம். இறக்கும்போதே பார்த்துத்தான் எடுப்போம். முன் அச்சுக்கு நேர்கோட்டுப் பட்டன் மட்டும். ரீட்ரெட் செய்யத் தாங்கும் கேசிங்காக இருக்க வேண்டும். அதற்கான வாரண்டியை எழுத்தில் தாருங்கள்.

ஒரு டயர் விலை, ஜி.எஸ்.டி., கப்பலூர் வரை வண்டி வாடகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டுங்கள். பழைய கேசிங்குக்கு என்ன கழிவு என்பதையும் எழுதுங்கள். பணம் 30 நாளில். ஜூன் 20க்குள் பதில் தேவை.

இப்படிக்கு,
வாகனப் பிரிவு மேலாளர்