ஜூலை 15 புதன்கிழமை நம் ஆலையில் ரத்ததான முகாம்: எந்தத் துறைக்கு எந்த நேரம், எப்படிப் பதிவது

எல்லாருக்கும் வணக்கம். கஞ்சிக்கோடு ஆலையில் வேலை செய்யும் எல்லாத் துறைக்காரர்களுக்கும், நிரந்தரம், ஒப்பந்தம், டிரெய்னி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும்தான் இந்த அறிவிப்பு. 2026 ஜூலை 15, புதன்கிழமை, காலை 9 மணி முதல் மாலை 3.30 வரை கேன்டீனை ஒட்டிய பயிற்சி ஹாலில் ரத்ததான முகாம் நடக்கிறது. ரத்த வங்கியிலிருந்து டாக்டரும் நர்சுகளும் டெக்னீஷியன்களும் வருகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் நம்மில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள், வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது, அதனால்தான் ஆடி ஒன்றுக்கு முன்னால் வருகிற புதனாகப் பார்த்துத் தேதி வைத்திருக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் டெங்கு கூடும். தட்டணுக்கள் கேட்டு வாட்ஸப்பில் செய்தி பறப்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்களைக் குளிரூட்டி ஐந்து ஆறு வாரம் வைக்கலாம், தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. யாரோ ஒருவர் இந்த வாரம் கொடுத்தால்தான் இந்த வாரத்து நோயாளிக்குக் கிடைக்கும். அட்டப்பாடி மலையில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தசோகையோடு வாழும் குடும்பங்கள் இருப்பது இங்கே பலருக்கும் தெரியும், அவர்களில் சிலருக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. பிரசவம், விபத்து, ஆபரேஷன் எல்லாம் தனி. காசுக்கு ரத்தம் விற்பது நம் நாட்டில் 1998 ஜனவரியிலிருந்து தடை, ஆகவே மனதார வந்து கொடுக்கிறவர்களை விட்டால் நோயாளியின் வீட்டாருக்கு வேறு போக்கிடம் இல்லை.

சரி, நேர விவரத்துக்கு வருவோம். நான்கு கட்டில் போடுகிறார்கள், அரை மணிக்கு ஆறு பேர் என்று கணக்கு. மொத்தம் 66 இடம். அதை இப்படிப் பிரித்திருக்கிறோம்:

காலை 9 முதல் 10 வரை: பேக்கிங், 12 இடம்
10 முதல் 11.30 வரை: மெஷின் ஷாப், 18 இடம்
11.30 முதல் 12 வரை: ஆபீஸ், டிசைன், குவாலிட்டி மூன்றும் சேர்ந்து 6 இடம்
12 முதல் 1 வரை: மெயின்டனன்ஸ் 6, ஸ்டோர்ஸும் டிஸ்பாட்சும் சேர்ந்து 6
பிற்பகல் 2 முதல் 3 வரை: வார்ப்புப் பிரிவு, 12 இடம்
3 முதல் 3.30 வரை: பெயின்ட் ஷாப், 6 இடம்

கேன்டீன், செக்யூரிட்டி, துப்புரவுப் பிரிவில் இருக்கிறவர்கள் எந்த நேரத்தில் காலியிடம் இருந்தாலும் பதியலாம், உங்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் அந்த நேரத்தில் உங்கள் இடத்தில் நிற்க ஆள் இருக்காது என்பதால்தான் இப்படி.

வார்ப்பில் இத்தனை பேர் இருந்தும் ஏன் 12 இடம்தான் என்று கேட்பீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். கடுமையான உடல் வேலையோ, ஆபத்தான வேலையோ செய்கிறவர் ரத்தம் கொடுத்த பிறகு 24 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த டூட்டிக்கு வர வேண்டும் என்பது விதி. உலைக்கு முன்னால் வெக்கையில் நிற்கிறவர், கிரேன் ஓட்டுகிறவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கம்பெனி பஸ் டிரைவர் எல்லாரும் இதில் அடக்கம். புதன் பிற்பகல் 2 மணிக்குக் கொடுத்துவிட்டு வியாழன் காலை 6 மணி ஷிப்டுக்கு வந்தால் 16 மணி நேரம்தான் ஆகியிருக்கும். அதனால் இந்த வேலைகளில் இருக்கிறவர்கள் ரத்தம் கொடுத்தால் வியாழக்கிழமையும் சம்பளத்தோடு லீவு, நிர்வாகத்திடம் பேசி எழுத்தில் வாங்கியாகிவிட்டது. அதற்கு மேல் ஆள் குறைந்தால் வியாழன் உலை ஓடாது, அதனால்தான் 12. அந்த 24 மணி நேரத்துக்குள் யாரையாவது டூட்டிக்குக் கூப்பிட்டால் உடனே டைம் ஆபீசில் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மற்றவர்களுக்கு, கொடுத்த பிறகு அன்றைக்கு மேற்கொண்டு டூட்டி கிடையாது, முழுச் சம்பளம் உண்டு. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் காலையில் கொடுத்தாலும் அதே கணக்குத்தான், மதியம் மெஷினில் நிற்க வேண்டியதில்லை.

நைட் ஷிப்ட் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. செவ்வாய் இரவு வேலை பார்த்துவிட்டுப் புதன் காலை 6 மணிக்கு வெளியே வருகிறவர்கள் தயவுசெய்து அன்றைக்குப் பதிய வேண்டாம். ஆர்வம் புரிகிறது, 'வந்ததுதான் வந்தோம், கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கலாம்' என்று தோன்றும். தூக்கமில்லாத உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கக் கூடாது, டாக்டரும் விடமாட்டார். உங்களுக்காகவே அக்டோபர் 1, தேசியத் தன்னார்வ ரத்ததான நாளன்று இன்னொரு முகாம் வைக்கிறோம். இப்போது ஜூலையில் கொடுக்கிறவர்களால் அந்த முகாமில் கொடுக்க முடியாது (ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும்), அதனால் இடம் உங்களுக்குத் தாராளமாக இருக்கும்.

பதிவு ஜூலை 6 திங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கி ஜூலை 11 சனி மாலை 5 மணிக்கு முடிகிறது. இரண்டே வழிதான். ஒன்று, டைம் ஆபீஸ் ஜன்னலில் இருக்கும் பச்சை அட்டை நோட்டில் உங்கள் துறைப் பக்கத்தில் எழுதுவது. இல்லாவிட்டால் இன்டர்காம் 214-இல் கூப்பிட்டுச் சொல்வது, காலை 9 முதல் மாலை 5 வரை ஆள் இருப்பார். பெயர், டோக்கன் நம்பர், துறை, எந்த அரை மணி, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தீர்கள் என்ற ஐந்தையும் சொன்னால் போதும். ரத்த வகை தெரியாவிட்டால் பரவாயில்லை, அங்கே பார்த்துச் சொல்வார்கள். துறை வாட்ஸப் குழுவில் 'நானும் வரேன்' என்று போட்டால் பதிவாகாது, செய்திகளுக்கிடையில் காணாமல் போய்விடும். நோட்டில் ஏறினால்தான் கணக்கு.

பதிந்தவர்களுக்கு நேரம் எழுதிய சீட்டு ஜூலை 13 திங்கள் காலை துறை சூப்பர்வைசர் கையில் வந்துவிடும். அன்று மதியத்துக்குள் காலியாக இருக்கும் இடங்கள் எல்லாத் துறைக்கும் திறந்துவிடப்படும். வர முடியாமல் போனால் முந்தின நாள் மாலைக்குள் 214-க்குச் சொல்லிவிடுங்கள், உங்கள் இடத்துக்குக் காத்திருக்கிறவர் இருப்பார்.

அப்புறம் யார் கொடுக்கலாம் என்பது. வயது 18 முதல் 65 வரை, முதல் முறை கொடுப்பவர் என்றால் 60 வரை. எடை குறைந்தது 45 கிலோ. 55 கிலோவுக்குக் குறைந்தவர்களிடம் 350 மில்லிதான் எடுப்பார்கள், அதற்கு மேலிருந்தால் 450 வரை. ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இங்கேதான் நம் பேக்கிங் அக்காமார் பலர் ஆசையோடு வந்து திரும்பிப் போகிறார்கள். ஆகவே ஜூலை 8, 9 இரண்டு நாளும் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம், கொடுக்கிற எண்ணம் இல்லாதவர்களும் வந்து பார்த்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் ஒரு வாரம் முருங்கைக்கீரை சாப்பிட்டு ஏற்றிவிட முடியாது, அதற்கு மாதக்கணக்கு ஆகும். டாக்டரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. முகாமுக்கு வருவதைவிட உங்கள் உடம்பு முதலில் தேறுவது எங்களுக்கு முக்கியம்.

டெங்கு வந்து குணமாகி ஆறு மாதம் ஆகாதவர்கள், மலேரியா வந்து மூன்று மாதம் ஆகாதவர்கள், டைபாய்டு வந்து ஒரு வருடம் ஆகாதவர்கள், பச்சை குத்தியோ காது மூக்குக் குத்தியோ ஒரு வருடம் ஆகாதவர்கள், நாய்க்கடிக்கு ஊசி போட்டு ஒரு வருடம் ஆகாதவர்கள் இந்த முறை வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு நாட்களிலும் எடுக்கமாட்டார்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அட்டையைக் கையோடு கொண்டுவந்து டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் தனியாக உட்கார்ந்து சில கேள்விகள் கேட்பார், சில கூச்சமாகவும் இருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் சோதிப்பார்கள்தான், ஆனால் தொற்று வந்த புதிதில் சோதனையில் தெரியாமல் போகலாம், அந்த ரத்தம் ஒரு குழந்தைக்குக் கூடப் போய்ச் சேரலாம். நீங்கள் சொல்வது ஆலைக்குள் யாருக்கும் வராது. முடிவு உங்களுக்கு மட்டும்தான் வரும், எச்.ஆருக்கோ சூப்பர்வைசருக்கோ போகாது. 'இன்றைக்கு முடியாது' என்று திருப்பி அனுப்பினாலும் காரணம் யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல, வர விருப்பமில்லாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. துறைக்கு இத்தனை பேர் வந்தே ஆக வேண்டும் என்ற கணக்கு எங்களிடம் இல்லை.

படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மதுக்கரை, எட்டிமடை, கே.ஜி.சாவடிப் பக்கமிருந்து வருகிற நம்மில் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வாசித்துச் சொல்ல ஹாலில் இரண்டு பேர் இருப்பார்கள், இந்தியில் சொல்லவும் ஒருவர் உண்டு. புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் அல்லது கம்பெனி ஐ.டி. கார்டு ஒன்று போதும்.

செவ்வாய் இரவு நன்றாகத் தூங்குங்கள், அன்று குடிக்க வேண்டாம். புதன் காலை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். விடியற்காலை ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடாமல் வருகிறவர்களுக்காகக் கேன்டீனில் 8 மணிக்கே இட்லி தயாராக இருக்கும், சீட்டைக் காட்டினால் போதும். கொடுத்து முடித்ததும் கால் மணி நேரமாவது உட்கார்ந்து ஜூஸும் நேந்திரம்பழமும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். அன்று முழுக்கத் தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஊசி போட்ட கையால் கனம் தூக்காதீர்கள். பைக்கில் வந்தவர்கள் மழையில் வாளையார் ரோட்டில் உடனே கிளம்ப வேண்டாம். மதியம் 1.15-க்கும் 4 மணிக்கும் கம்பெனி வேன் வாளையார் வழியாக கே.ஜி.சாவடி வரை போகும், வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அதில் போங்கள், மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் எதுவாக இருந்தாலும் 214, இல்லையென்றால் மதிய இடைவேளையில் டைம் ஆபீசுக்கு நேரில் வாருங்கள். நோட்டு திங்கள் காலை 9 மணிக்கு ஜன்னலுக்கு வந்துவிடும்.

தொழிலாளர் நலக்குழு