பொருள்: முனைவர் பட்ட ஆய்வேட்டில் உங்கள் நூலின் வரைபடம் ஒன்றைப் பயன்படுத்த அனுமதி வேண்டி

மதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கயல்விழி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் தமிழர்கள் இடங்களுக்கு வைத்த பெயர்களைப் பற்றியது என் ஆய்வு.

1996இல் நீங்கள் வெளியிட்ட 'சிராங்கூன் சாலை: நடந்து அறிந்த வரலாறு' நூலில், 86, 87ஆம் பக்கங்களில் விரிந்திருக்கும் படம் 3.2ஐ என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் சேர்க்க விரும்புகிறேன். வட்டாரத்து முதியவர்கள் சொல்லக் கேட்டு நூலாசிரியர் கையால் வரைந்த வரைபடம் அது.

ஏன் இந்தப் படம்தான் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கண்டாங் கெர்பாவ், பஃபலோ ரோடு போன்ற பெயர்களைப் பார்த்தாலே அங்கே மாட்டுத்தொழில் நடந்தது புரிந்துவிடும். ஆனால் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் பகுதியை நம்மவர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தது, நான் தேடிப் பார்த்த ஆங்கில வரைபடங்கள் எதிலும் இல்லை. சுண்ணாம்புக் காளவாய்களை வைத்து வந்த பெயர் அது. உங்கள் நூலின் வரைபடத்தில் அந்தப் பெயர் தமிழில், அது வழங்கிய இடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாட்டுக் கொட்டகைகளிலிருந்து ரோச்சோர் ஆறு வரை மாடுகளை ஓட்டிப்போன தடம்கூடப் புள்ளிக்கோடாக இருக்கிறது. என் இயலின் வாதம் முழுவதும் இந்த ஒரு படத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. வார்த்தையில் விவரித்தால் வாசிப்பவருக்கு அந்த இடம் கண்ணில் நிற்காது.

பயன்பாட்டு விவரம் இதுதான். படத்தை வெட்டாமல், திருத்தாமல், முழுப் பக்க அளவில் கறுப்பு வெள்ளையில் ஒரே ஒருமுறை அச்சிடுவேன். தமிழ்ப் பெயர்களுக்கான ஆங்கில விளக்கம் படத்தின் மேல் வராது, கீழே தனிப் பட்டியலாக வரும். தேர்வாளர்களுக்கும் நெறியாளருக்கும் என ஐந்து அச்சுப் பிரதிகள் எடுப்போம். அப்புறம், ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏறும். அதை யாரும் கட்டணமின்றி இறக்கிப் படிக்கலாம். விற்பனை எதுவும் இல்லை. பின்னாளில் இதை நூலாக்கும் வாய்ப்பு வந்தால், அதற்குத் தனியாக உங்களிடம் கேட்பேன்.

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் தெருத்தெருவாக நடந்து வரைந்த படத்தை முழுதாக எடுத்து இணையத்தில் வைக்கும்போது, சட்டத்தின் ஒரு பிரிவை நம்பிப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நூலின் உரிமைப் பக்கத்தில் 'உரிமை: ஆசிரியருக்கு' என்று இருக்கிறது. அது வரைபடங்களுக்கும் பொருந்தும் என்றால், இந்தக் கடிதத்தை அவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அனுப்பிவைக்க முடியுமா? அவர்களுடைய முகவரியை எனக்குத் தர வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் சம்மதத்தை உங்கள் வழியாகப் பெற்றாலே போதும்.

படத்தின் கீழ் இப்படிக் குறிப்பிட எண்ணியிருக்கிறேன்: "படம் 3.2, சிராங்கூன் சாலை: நடந்து அறிந்த வரலாறு, 1996, பக். 86–87. வரைந்தவர்: நூலாசிரியர். பதிப்பகத்தின் அனுமதியுடன்." ஆசிரியர் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் நீங்கள் சொல்லும் வடிவத்தில் சேர்ப்பேன். வாசகம் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்றாலும் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மூலப் படமோ அச்சுக்குத் தயாரித்த பிரதியோ உங்களிடம் இருந்தால், அதன் ஸ்கேன் கிடைக்குமா? தேசிய நூலகத்தில் உள்ள பிரதியில் இரு பக்கங்களும் சேரும் மடிப்புக்குள் ஒரு கிணற்றின் பெயர் போய்விடுகிறது. 'மா' என்று தொடங்குவதும் 'கிணறு' என்று முடிவதும் தெரிகின்றன. மாட்டுக் கிணறா, மாரியம்மன் கிணறா? என் ஆய்வுக்கு இரண்டும் இருவேறு கதைகள். நூலைப் பிரித்து விரித்துப் பார்க்க நூலகத்தில் கேட்கவும் மனமில்லை, ஊகித்து எழுதவும் விருப்பமில்லை.

ஆய்வேட்டை டிசம்பர் 12ஆம் தேதி ஒப்படைக்க வேண்டும். நவம்பர் 20க்குள் பதில் கிடைத்தால் பேருதவி. 'அனுமதிக்கிறோம்' என்று இந்த மின்னஞ்சலுக்கே ஒரு வரி எழுதினால் போதும், பல்கலைக்கழகத்துக்கு அதையே சான்றாகக் கொடுத்துவிடலாம். கட்டணம் உண்டென்றால் தொகையைச் சொல்லுங்கள். அச்சுப் பிரதிக்கு மட்டும் சம்மதம், இணையத்துக்கு இல்லை என்றாலும் சரி, இணையப் பதிப்பில் படத்தை எடுத்துவிட்டு நூலின் பக்க எண்ணை மட்டும் கொடுப்பேன்.

படம் வரும் என் இயலின் நான்கு பக்கங்களையும், நூலகப் பிரதியிலிருந்து எடுத்த நகலையும் இணைத்திருக்கிறேன். படத்தை நான் விளங்கிக்கொண்டதில் பிழை ஏதும் தெரிந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

நன்றியுடன்,
கயல்விழி
முனைவர் பட்ட மாணவி
சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்